ரோட்டோரத்து அழுகல் நெல்

தையல்நாயகிக்குக் கோபம் வந்தால் கிளியனூர்ப் பக்கத்தில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். கணவன் வேங்கடேசன் திண்டிவனத்தில் லாரி ஷெட்டில் வேலை. ஏரிக்குக் கீழே உள்ள ஒன்றரை ஏக்கர் அவள் பொறுப்பு. சம்பாவுக்கு இ-சேவை மையத்தில் காப்பீடு கட்டுவதும் அவள்தான். காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் அவள் கட்டுவாள். மீதிப் பிரீமியம் மத்திய, மாநில அரசுகளின் பங்கு.

டிசம்பர் புயலில் ஏரித் தண்ணீர் புகுந்து பள்ளத்து வயல்களெல்லாம் அழுகிப்போயின.

"என் நெலத்த எப்பங்க பாக்க வருவீங்க?" என்று வேளாண் அலுவலர் சித்ராவிடம் கேட்டாள்.

"தனித்தனியா பாக்க மாட்டாங்கம்மா. ஊருக்கே ஒரே கணக்கு. குலுக்கல்ல விழுந்த நாலு வயல்ல அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் அறுத்து எடை போடுவோம். ஊரு சராசரி, பழைய வருசங்கள வெச்சுப் போட்ட அளவுக்குக் கீழ போனாத்தான் எல்லாருக்கும் பணம்."

நான்கில் மூன்று மேட்டு வயல்கள். நான்காவது, வேங்கடேசனின் தம்பி பச்சைமுத்துவுடையது, ஒரு மணி கூட மிஞ்சாத வயல். அங்கே சுழியம் பதிவானால்தான் சராசரி இறங்கும். வந்து பார்க்கும்வரை தொடக்கூடாது என்று சித்ரா அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பொங்கல் கழிந்து ஒரு காலை டிராக்டர் சத்தம் கேட்டுத் தையல்நாயகி ஓடினாள். பச்சைமுத்துவின் வயல் முழுதும் புரட்டிப் போட்டாயிற்று.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"உளுந்து வெதைக்கலாம்னு, அண்ணி. ரோட்டோரம் அழுகிக்கினு கெடக்குது. பஸ்ல போறவன்லாம் பாத்துக்கினு போறான். மானம் போவுது."

"உன் மானத்துக்கு எங்க சோறா? அந்தப் பொண்ணு சொல்லிச்சா இல்லியா?"

"சொல்லிச்சு. அழுவல்ல இன்னாத்த அறுக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

மறுநாள் வந்த சித்ரா உழுத மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயிர் இல்லாத இடத்தில் சோதனை கிடையாது. குலுக்கலில் மாற்றாக எடுத்து வைத்திருந்த வயலுக்குப் போனார்கள். அது ஆனந்தராஜின் போர்வெல் வயல், மேடு. கதிர் முற்றிக் கிடந்தது. தராசு இறங்கியதைத் தையல்நாயகி வரப்பில் நின்று பார்த்தாள்.

ஊர்ச் சராசரி அளவுக்கு மேலேயே நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு பைசா வரவில்லை.

அடுத்த சம்பாவுக்குக் காப்பீடு கட்ட இ-சேவை மையத்தில் வரிசை. பச்சைமுத்து தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"இன்னும் கோவமா, அண்ணி?"

"ஆமாம்." அவள் திரும்பவில்லை. "இந்த வாட்டியும் தண்ணி பூந்துச்சுன்னா உன் பயிரு செத்தது செத்தபடி கெடக்கணும். எவன் பாத்துச் சிரிச்சாலும் சிரிக்கட்டும். டிராக்டரு வரப்பத் தாண்டிச்சுன்னா சக்கரத்துக்கு முன்னால நான் படுத்துக்கினு இருப்பேன்."

அவன் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான்.