ஆறு பக்கத்துக்குள் அக்கா

மாநாட்டு அமைப்பாளரின் மின்னஞ்சல் வந்தபோது மலேசியாவில், ஈப்போ பாலிடெக்னிக்கின் விரிவுரையாளர் அறையில் நான் மட்டும் இருந்தேன். எதிர் மேசை, நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த விரிவுரையாளருடையது. பத்து வருடம் என்னோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர், மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் கடைசிக் கட்டுரை, செமோர் பக்கம் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களின் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியது. அதை அனுப்பியபோது அவர் இருந்தார். ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தபோது இல்லை.

மின்னஞ்சல் கறாராக இருந்தது. இணைத்துள்ள டெம்ப்ளேட்டில்தான் இறுதி வடிவம் வர வேண்டும். மேற்கோள் பட்டியலும் சேர்த்து ஆறு பக்கம். மதிப்பீட்டுக்காக நீக்கியிருந்த கட்டுரையாளர் பெயர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கோப்பின் பெயரில் கட்டுரை எண், பிறகு முதல் கட்டுரையாளரின் குடும்பப் பெயர். வெள்ளி மாலை ஐந்துக்கு மேல் வந்தால் தொகுப்பில் இடமில்லை.

முதல் கட்டுரையாளர் அக்காதான். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டு, பக்கத்தின் அடியில் ‘காலமானார்’ என்று குறிப்பு எழுதினேன். அது வந்து உட்கார்ந்ததும் கடைசி இரண்டு வரி ஏழாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

எழுத்தைச் சிறிதாக்கலாமா, ஓரத்தைக் குறைக்கலாமா என்று பார்த்தேன். அக்கா இருந்திருந்தால் மண்டையில் குட்டியிருப்பார். “டெம்ப்ளேட்ல கை வைக்காத லா. ஒனக்கு ரொம்பப் பிடிச்ச வரிய வெட்டு, தானா சுருங்கிரும்” என்பார். எனக்குப் பிடித்தது, முன்னுரையில் என் அம்மா தண்ணீர் இறைத்த கிணற்றைப் பற்றிய மூன்று வரி. வெட்டினேன். ஆறு பக்கம் ஆகிவிட்டது. அவர் சொன்னதே சரியாகப் போனதில் எரிச்சல் வந்தது. சண்டை போடத்தான் ஆளில்லை.

அடுத்த தலைவலி கோப்பின் பெயர். நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைத்தான் போட வேண்டும். மாநாடுகளில் அக்காவை அவர் அப்பா பெயரைச் சொல்லித்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். “எங்கப்பா எப்ப லா கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணாரு?” என்று என் காதைக் கடித்துவிட்டுப் போவார். அதனால் வேண்டுமென்றே அவர் பெயரையே வைத்து, மாநாட்டு இணையதளத்தில் கோப்பை ஏற்றினேன்.

வெள்ளி மூன்று மணிக்கு அமைப்பாளர் எழுதினார்: கோப்பின் பெயர் பதிவோடு பொருந்தவில்லை, ஐந்துக்குள் திருத்தி இந்த மின்னஞ்சலுக்கே அனுப்பவும். நான் பிடிவாதம் பிடித்தால் கட்டுரையே வராது. கட்டுரைக்குள் அக்கா பெயரைக் காப்பாற்ற, வெளியே கோப்பின் பெயரிலிருந்து அதை எடுத்தேன். அவர் அப்பா பெயரை வைத்து இணைத்தேன். வழக்கம்போல நகலுக்கு அக்காவின் முகவரியையும் போட்டு அனுப்பிவிட்டேன். பத்து வருடமாகக் கை பழகிவிட்டது. நான் எதை அனுப்பினாலும் அவர் ‘ஓகே’ என்று ஒரே வார்த்தையில் பதில் போடுவார்.

அனுப்பிய கையோடு தானியங்கிப் பதில்கள் இரண்டு வந்தன. கட்டுரை கிடைத்தது என்றது ஒன்று. அப்படி ஒரு முகவரியே இல்லை என்றது மற்றது. கல்லூரி அவர் மின்னஞ்சல் கணக்கை மூடியிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அழுதேன். பிறகு எதிர் மேசையைப் பார்த்து, “ஓகே லா அக்கா” என்று நானே சொன்னேன்.