தாங்கக்கூடிய வேகம்

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் அவளை எல்லோரும் ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது நுரையீரல் நோயாளிகளின் பிசியோதெரபி பிரிவில் உதவியாளர். மூச்சு வாங்குகிறவர்களை நீளமான நடைவழியில் மெல்ல மெல்ல நடக்க வைப்பதுதான் அவள் வேலை. அவர்களோடு நடந்துகொண்டே ஊர்க்கதை, வீட்டுக்கதை, அடுத்த வார்டு கதை எல்லாம் பேசுவாள். "ரேடியோவுக்காவது அணைக்க ஒரு குமிழ் இருக்கும்" என்பார் அவள் கணவர். அவர் பேசுகிற நீளமான வாக்கியமே அதுதான்.

அவளைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரே ஒரு வரி வந்தது. அந்த வரியிலும் அவள் இல்லை. "நோயாளிகள் வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், கண்காணிப்பின் கீழ், தாங்கக்கூடிய வேகத்தில் நடக்க வைக்கப்பட்டனர்." யார் நடக்க வைத்தார்கள், எப்படி வைத்தார்கள், ஒன்றும் கிடையாது.

எழுதியது அந்தப் பிரிவின் டாக்டரம்மா. வயதில் சிறியவள், வேலையில் புலி. நாற்பது நோயாளிகளைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தாள். இருபது பேருக்கு வழக்கமான மூச்சுப் பயிற்சி மட்டும். மற்ற இருபது பேருக்கு அதோடு எட்டு வாரம் அக்காவின் நடை. தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொருவரும் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். அளந்தவர் வேறு பிரிவுக்காரர். யார் எந்தக் குழு என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அளக்கிற கை ஒரு பக்கமாகச் சாயும் அல்லவா? நடந்தவர்கள் முன்பைவிடச் சராசரியாக அறுபத்தொரு மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். மற்றவர்கள் ஒன்பது. படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு முறை உட்காருகிறவருக்கு அறுபத்தொரு மீட்டர் என்பது தெருமுனைக் கடை.

பிறகு வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம், அதனால்தான் அதிகம் வலித்தது. "தங்கள் முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினோம். எங்களுக்குக் கிடைத்தது பதினேழு மீட்டர். ஏதேனும் விடுபட்டுள்ளதா?" கடிதத்தின் நகல் பத்திரிகை ஆசிரியருக்கும் போயிருந்தது. அவர் ஆறு வாரம் கெடு கொடுத்தார். சரியான விளக்கம் வராவிட்டால், இந்த முடிவை வேறு இடத்தில் எட்ட முடியவில்லை என்று கட்டுரைக்குப் பக்கத்திலேயே குறிப்பு போட்டுவிடுவார். அப்புறம் எந்த ஆஸ்பத்திரி தன் நோயாளியை நடைவழிக்கு அனுப்பும்?

வார்டில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் ஒன்றில் வந்து நின்றார்கள்: அக்காவின் கைராசி. அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா அவளை உட்கார வைத்தாள். "அக்கா, கைராசின்னு கட்டுரையில எழுத முடியாது. உங்க கை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மூச்சு வாங்குறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணணும் டாக்டரம்மா?"

"எப்பவும் போல நடத்துங்க. நான் பின்னாடியே வந்து எழுதிக்கறேன். நான் இல்லைன்னு நினைச்சுக்கோங்க."

ஒரு வாரம் டாக்டரம்மா கையில் நிறுத்துக்கடிகாரமும் நோட்டுமாகப் பின்னால் நடந்தாள். கட்டுரையில் இருந்த முதல் ஓட்டை முதல் நாளே அகப்பட்டது. நோயாளி உட்கார்ந்தால் அக்கா கடிகாரத்தை நிறுத்திவிடுவாள். எழுந்து நடந்தால்தான் மறுபடி ஓடும். இருபது நிமிடம் என்றால் இருபது நிமிட நடை, உட்கார்ந்தது கணக்கில் இல்லை. அதற்கு அரைமணிக்கு மேல் ஆகும். அந்த ஆஸ்பத்திரியைக் கேட்டதில், அங்கே கடிகாரம் நிற்காமல் ஓடியதாம். பாவம், அவர்கள் நோயாளி உண்மையில் நடந்தது பன்னிரண்டு நிமிடம்.

ஆனால் அது மட்டும் இவ்வளவு வித்தியாசத்தை விளக்காது. டாக்டரம்மா அக்காவின் பழைய நோட்டுகளை வாங்கிப் புரட்டினாள். ஆராய்ச்சி நடந்த எட்டு வாரமும் ஒவ்வொரு நோயாளிக்கும் எதிரே கிறுக்கியிருந்தது: "மூணு வார்த்தை." "நாலு." "இன்னிக்கு எட்டு, வேகம் கூட்டினேன்."

"இது என்னக்கா? ஏதோ ஊர்க்கதைன்னு நான் பார்க்காமலே விட்டுட்டேன்."

அக்கா சிரித்தாள். "கதை கேட்டாதானே தெரியும்? பேசிட்டே நடக்கறாங்க. மூச்சு எடுக்காம ஏழு எட்டு வார்த்தை வந்தா, சும்மா உலாத்தறாங்கன்னு அர்த்தம். கொஞ்சம் வேகமா இழுப்பேன். மூணு நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சுன்னா அதான் சரியான வேகம், அப்படியே பிடிச்சுக்குவேன். ஒத்தை ஒத்தை வார்த்தையா வந்தா உட்கார வச்சிருவேன்."

டாக்டரம்மா நோட்டை மூடிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. தாங்கக்கூடிய வேகம் என்று அவள் இரண்டே சொல்லில் கடந்துபோன இடத்தில்தான் வைத்தியமே இருந்தது. அந்த இரண்டு சொல்லைப் படித்த வெளியூர்க்காரர்கள், நோயாளி தனக்குச் சௌகரியம் என்று சொன்ன வேகத்தில் விட்டிருக்கிறார்கள். எந்த நோயாளி கஷ்டமான வேகத்தைத் தானாகக் கேட்பார்?

எழுத உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நிமிஷத்துக்கு ஒரு தடவை விரல்ல மாட்டி ஆக்சிஜன் பார்த்தோம்னு போடுங்க. கேட்க நல்லா இருக்கும்."

"பார்த்தீங்களா?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை."

"அப்ப அஞ்சுதான். எண்பத்தெட்டுக்குக் கீழே போனா நிறுத்தினீங்க, அதையும் போடறேன். செஞ்சதுதான் எழுதணும்க்கா, செஞ்சிருக்க வேண்டியது இல்ல."

அக்காவுக்கு முகம் சுருங்கியது. ஐந்து நிமிடத்தில் விரிந்தும் விட்டது. அவளால் அதற்கு மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது.

எழுதியது அடுத்தவருக்குப் புரிகிறதா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒத்திகையில் கணவர் நடத்துகிறவர், அவள் நாத்தனார் நோயாளி. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடை. கணவர் தாளைப் படித்தார்: 'நோயாளியைப் பேச வைக்கவும்.'

"பேசு" என்றார்.

"என்னத்தை?" என்றாள் நாத்தனார்.

"எதையாவது."

"ஒண்ணும் தோணலையே."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மேற்கொண்டு வழி அதில் இல்லை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்தாள். அவளுக்குப் பேச வைப்பது மூச்சு விடுவது மாதிரி. அது வராதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள், அதிலும் ஒருவர் தன் வீட்டிலேயே இருக்கிறார் என்பது இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அன்றுதான் உறைத்தது. ஆமாம், இல்லை என்று முடித்துவிட முடியாத மூன்று கேள்விகளை முழுசாக எழுதினாள்: இன்று காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? உங்கள் வீட்டிலிருந்து இங்கே எப்படி வந்தீர்கள், ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லுங்கள். உங்கள் வேலையை எனக்குக் கற்றுக்கொடுப்பது என்றால் எங்கே ஆரம்பிப்பீர்கள்? கணவர் மறுபடி நாத்தனாரை நடத்தினார். அவள் தன் தையல் வேலையைச் சொல்ல ஆரம்பித்தவள், நாற்பது நிமிடமாகியும் நிறுத்தவில்லை. "இந்தக் கேள்வி வேலை செய்யுது" என்றார் கணவர், களைத்துப்போய்.

ஐந்தாம் வாரம் கடிதம் எழுதிய பிசியோதெரபிஸ்டே நேரில் வந்தார். நெட்டையான மனிதர். வணக்கம் சொன்னார், அதோடு நிறுத்திக்கொண்டார். சரியான ஊமைக்கோட்டான் என்று அக்கா மனதுக்குள் பெயர் வைத்தாள். டாக்டரம்மா அவர் கையில் தாளைக் கொடுத்துவிட்டு, அக்காவை மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நீங்க வாயே திறக்கக் கூடாது. கண்ணால கூட ஜாடை காட்டக் கூடாது. படிக்கறவங்க கையில நீங்க இருக்க மாட்டீங்க, தாள்தான் இருக்கும்."

அக்காவின் வாழ்க்கையிலேயே நீளமான அரைமணி அது. அவர் புது நோயாளி ஒருவரை நடத்தினார். தாளைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற குரலில் முதல் கேள்வியைக் கேட்டார். நோயாளி பேசினார். அவர் விரல் விட்டுச் சொற்களை எண்ணினார். ஏழு வந்ததும் நடையைக் கூட்டினார். ஓரிடத்தில் ஒற்றைச் சொல் வந்தபோது அக்கா பாதி எழுந்துவிட்டாள். டாக்டரம்மா தோளைப் பிடித்து அழுத்தினாள். அவரே நோயாளியை உட்கார வைத்து, கடிகாரத்தையும் நிறுத்தினார். அக்கா பெருமூச்சு விட்டாள். அதற்கு மட்டும் அனுமதி இருந்தது.

போகும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "நோயாளிக்குப் பக்கத்துல நடக்கணுமா, பின்னாடியா?" அது தாளில் இல்லை. பக்கத்தில், அரை அடி பின்தள்ளி என்று அப்போதே எழுதிச் சேர்த்தார்கள். திருத்தம் கெடுவுக்குள் பத்திரிகைக்குப் போனது. மறுபடி செய்து பார்க்கட்டும், அதுவரை குறிப்பு வேண்டாம் என்று ஆசிரியர் காத்திருந்தார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் டாக்டரம்மா நடைவழியில் ஓடிவந்தாள். டாக்டர் ஓடினால் வார்டில் எல்லோரும் பயப்படுவார்கள். முகத்தைப் பார்த்ததும் பயம் போய்விட்டது.

"ஐம்பத்தெட்டு மீட்டர் அக்கா! ஐம்பத்தெட்டு!"

"அந்த நெட்டை மனுஷனா? அவருக்கா?" அக்காவுக்கு நம்ப முடியவில்லை.

"அவர் இல்ல. அவர் இங்க வந்து பார்த்துட்டார்னு, வேணும்னே தொடாம இருந்திருக்கார். இந்த ஆஸ்பத்திரியையே பார்க்காத ஒரு பொண்ணுகிட்ட தாளை மட்டும் குடுத்திருக்கார். அவ யாரையும் எதுவும் கேக்கல."

அக்கா அப்போது ஒரு முதியவரை நடத்திக்கொண்டிருந்தாள். கடிகாரத்தை நிறுத்தி, அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. பார்த்தே இராத ஊரில், தன் குரலே கேட்காத இருபது பேர் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்புகிறார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு சந்தோஷம் அவளுக்குத் தன் வேலையில் என்றைக்குமே வந்ததில்லை.

"ஏம்மா அழுவற? என்ன ஆச்சு?" என்றார் முதியவர்.

"நான் இல்லாமயே நடந்துட்டாங்கய்யா!" என்றாள் அக்கா, நடைவழி முழுக்கக் கேட்கிற மாதிரி. "நான் இல்லாமயே!"