காரணம் நான் எழுதவில்லை

எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயை வைத்துக்கொண்டு முதலில் ஒரு காரியத்தை நன்றாகக் கெடுத்தேன். பிறகு பல்லைக் கடித்து அதே வாயை மூடிக்கொண்டு அதைச் சாதித்தேன். மூடியதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் எனக்கு அப்போது ஆறாவது வருஷம். எங்கள் லைனில் மூன்று வேலை. ஒயர்களைப் போர்டில் பரப்பி டேப் சுற்றுவது டேப்பிங். ஒயரின் முனையில் மிஷினால் தகட்டுக் கொக்கியை அழுத்திப் பொருத்துவது கிரிம்பிங். முடிந்த கட்டில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்ப்பது செக்கிங். எல்லோரும் எல்லாம் பழக வேண்டும் என்பதால் திங்கட்கிழமை தோறும் யார் எந்த வேலைக்கு என்று சார்ட் ஒட்டுவார்கள். மூன்றும் தெரியும் என்று சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால்தான் லைன் லீடர் டெஸ்ட்டுக்குப் பெயர் போகும். எனக்கு இரண்டு தெரியும். கிரிம்பிங் மட்டும் பாக்கி. பழக்காமல் அந்த மிஷினைத் தொடவும் கூடாது, அது பாதுகாப்பு விதி.

டெஸ்ட் வருஷத்துக்கு ஒரு தடவைதான். அது நெருங்கிக்கொண்டிருந்தது. நானோ வாரக்கணக்காக டேப்பிங்கிலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் என் கண்ணெதிரே கிரிம்பிங்குக்குப் போனார்கள்.

"இன்னா சார், இந்த வாரமும் நானே டேப்பிங்கா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"உன் கைக்கு அதாம்மா செட்டு. உன்ன மாதிரி யார் சுத்துறா?" என்றார். பாராட்டுகிற மாதிரி ஒரு சிரிப்பு வேறு. பாராட்டு யாருக்கு வேண்டும்?

ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஷிப்ட் முடிந்த கையோடு எச்.ஆர். ரூமுக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே ஒரு மேடம், என் வயதுதான் இருக்கும். மூச்சு விடாமல் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு நான் வருவதில்லை, அந்தக் காண்டில்தான் என்னை ஒதுக்குகிறார் என்றேன். ஆள் பார்த்து வேலை கொடுக்கிறார் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மேடம் ஒரு வரி எழுதவில்லை. போன் போட்டு சூப்பர்வைசரையே வரச் சொல்லிவிட்டார்.

அவர் பதறவே இல்லை. "ஓ.டி. கம்பல்சரி இல்லியே மேடம். லிஸ்ட்ட பாருங்க. கிரிம்பிங்ல கீறவங்கள்ல பாதிப் பேர் ஞாயித்துக்கிழம வர்றதில்ல. அவங்க மேல எனக்கு இன்னா காண்டு?" என்றார். லிஸ்ட்டைப் பார்த்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். நான் சொன்ன காரணம் விழுந்தது. அதோடு சேர்ந்து நான் பட்டதும் விழுந்துவிட்டது.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்றார் மேடம். வாசல் வரைக்கும் வந்து, "எந்த நாள், எத்தன மணி, அவரு இன்னா சொன்னாரு, அத மட்டும் எழுதிக் குடுங்க. அப்பதான் நாங்க ரெக்கார்டோட வச்சுப் பாக்க முடியும்" என்றார்.

வீட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூசாமல் அனுசரிக்கச் சொல்கிறாள், இதில் தேதி வேறு கேட்கிறாளே என்று. தண்டலம் தாண்டும்போதுதான் புத்தி வேலை செய்தது. தேதியா வேணும்? தருகிறேன், வயிறு முட்டத் தருகிறேன்.

ஷிப்ட் நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போனில் எழுதினேன். "ஐந்தாம் தேதி, ஏ ஷிப்ட், காலை ஆறு பத்து. சார்ட் பலகை அருகில். கிரிம்பிங் பழக வேண்டும் என்று கேட்டேன். 'ஆள் ஃபுல்லு' என்றார். அன்று கிரிம்பிங்கில் ஒரு மிஷின் ஆள் இல்லாமல் நின்றது." இப்படி. கடைசியில் "வேண்டுமென்றே" என்று எழுதி, அழித்தேன். இன்னொரு நாள் "என்னைக் கேவலப்படுத்த" என்று எழுதி, அதையும் அழித்தேன். கை சும்மா இருக்காது. அவர் மனசுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி எழுதப் பார்க்கும். ஓ.டி. லிஸ்ட் ஞாபகம் வரும், அழித்துவிடுவேன்.

என் போர்டுக்கு எதிரே நிற்கும் அக்கா இரண்டு தடவை பக்கத்தில் இருந்தார். அவர் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"போட்டுக்கோ. ஆனா நான் காதால கேட்டத மட்டுந்தான் சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்த என் வாயில வராது" என்றார்.

"அது போதும்க்கா."

ஒரு மாதம் கழித்து இரண்டு பக்கத்தில் புகாரை எழுதினேன். மேலே என் பெயர், டோக்கன் நம்பர். நடுவில் தேதிகள். கீழே நான் கேட்பது இரண்டே இரண்டு: சார்ட் முறைப்படி எனக்கு கிரிம்பிங் பயிற்சி, டெஸ்ட்டுக்கு என் பெயர். எச்.ஆர். மெயிலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு காகிதப் பிரதியில் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த முறை மேடம் படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மேடத்தோடு எச்.ஆர். மேனேஜரும் இருந்தார். தலை நரைத்த, நிதானமான மனிதர்.

"சூப்பர்வைசர் கிட்ட தனியா பேசினோம். உங்க லிஸ்ட்ல ரொம்ப முக்கியமானது பதினெட்டாம் தேதி. 'டெஸ்ட்டுக்கு உன் பேர அனுப்பல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'னு சொன்னதா எழுதியிருக்கீங்க. பதினெட்டு ஞாயித்துக்கிழம. உங்களுக்கு வீக் ஆஃப். அட்டெண்டன்ஸ்ல நீங்க வரவே இல்ல. வராத நாள்ல அவர் எப்படிச் சொல்லியிருப்பார்?"

சூப்பர்வைசர் அந்த வார்த்தையைச் சொன்னபோது டீ பிரேக், என் கையில் டம்ளர் இருந்தது, அக்கா என் பக்கத்தில் நின்றார். பொய்யா சொல்கிறேன்? நாற்காலியை விட்டு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் பழைய கதைதான். விரலை மடக்கி மடக்கி அந்த வாரத்தை எண்ணினேன். அந்த வாரம் சி ஷிப்ட். இரவு பத்துக்கு உள்ளே போய் காலை ஆறுக்கு வெளியே வருவது.

அட, கர்மமே. பன்னிரண்டு தாண்டியதும் என் போனில் தேதி மாறிவிடும். கம்பெனிக்கு மாறாது. சி ஷிப்ட் எந்த நாளில் தொடங்கியதோ, விடியும் வரைக்கும் அந்த நாள்தான். ஆறு வருஷமாக இதே கம்பெனியில் பஞ்ச் அடித்துவிட்டு, போனைப் பார்த்துத் தேதி போட்டிருக்கிறேன்.

"சார், பதினேழு சனிக்கிழம சி ஷிப்ட் பாருங்க. நைட்டு ஒன்னு நாப்பது டீ பிரேக்கு. என் போன்ல அது பதினெட்டு. உங்க ரெக்கார்டுல பதினேழு. தேதி போட்டது என் தப்பு. அவர் சொன்னது சொன்னதுதான்."

மேடம் கம்ப்யூட்டரில் தேடினார். பதினேழாம் தேதி, உள்ளே ஒன்பது நாற்பத்தெட்டு, வெளியே ஆறு ஏழு. மேனேஜர் தலையசைத்தார். நான் பேனா கேட்டு வாங்கி, பதினெட்டின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பதினேழு, சி ஷிப்ட் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பழைய எண்ணும் தெரிய வேண்டும் என்றுதான் ஒரே கோடு. மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

"சரிம்மா. அவர் ஏன் இப்படிப் பண்றார்னு நீங்க நினைக்கிறீங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கின் நுனியில் ஐந்து பதில்கள் வரிசையில் நின்றன. ஐந்தும் காரசாரமானவை. ஐந்தையும் விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது சார். அத அவர் கிட்டத்தான் கேக்கணும். அவரு செஞ்சது எனக்குத் தெரியும், அத எழுதிட்டேன்."

அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். சொன்ன மாதிரியே கேட்டதை மட்டும் சொன்னார். பழைய சார்ட்டுகளை எடுத்து என் தேதிகளோடு வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தேதிக்கும் பத்து நாளில் எழுத்தில் விளக்கம் கொடுக்கும்படி சூப்பர்வைசரைக் கேட்டார்கள். அந்தப் பத்து நாளும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கூடுதலாகவும் பேசவில்லை, குறைவாகவும் பேசவில்லை. பேசியிருந்தால் அதற்கும் தேதி விழுந்திருக்கும்.

அதன் பிறகு ஒரு நாள் ஏ ஷிப்ட் முடிந்ததும் மேடம் கூப்பிட்டார். மேசையில் சூப்பர்வைசரின் விளக்கம் இருந்தது. மேடத்துக்கு அதைப் படிக்க விருப்பமில்லை என்று முகமே சொன்னது.

"நீங்க எழுதின எதையும் அவர் மறுக்கல. காரணம் கேட்டதுக்கு அவரே எழுதியிருக்கார்" என்று படித்தார். "கல்யாணமான பெண்களை கிரிம்பிங்கில் பழக்கினால் குழந்தை என்று லீவில் போய்விடுகிறார்கள். பயிற்சி வீணாகிறது. கம்பெனி நன்மைக்காகவே செய்தேன்."

என் ஐந்து பதில்களில் இது இல்லவே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். குழந்தை இல்லை. வீட்டில் மாமியார் மாதாமாதம் முகம் பார்ப்பார். உறவுக்காரர்கள் விசேஷ வீட்டில் வயிற்றைப் பார்ப்பார்கள். இந்த ஒரு இடத்தில்தான், தலையில் தொப்பி, கையில் டேப் என்று நிற்கும் எட்டு மணி நேரம், யாரும் அதைப் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். இங்கேயும் ஒருவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். எனக்குப் பிறக்காத பிள்ளைக்காக என் வேலையைப் பிடித்து வைத்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்தது. துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. துடைக்கவில்லை, பார்த்தால் பார்க்கட்டும்.

"இது தப்பு. மேனேஜ்மெண்ட்டும் அப்படித்தான் சொல்லிட்டாங்க. அவர் மேல நடவடிக்க வரும். உங்க ட்ரெய்னிங்கும் டெஸ்ட்டும் நடக்கும்" என்றார் மேடம். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. நாளைக்குப் பேசலாம்."

"ட்ரெய்னிங் எந்தத் தேதியில ஆரம்பிக்கும், யார் சொல்லித் தருவாங்க, அத எழுதிக் குடுங்க மேடம். டெஸ்ட்டுக்கு என் பேர் போனதையும் எழுதுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு லெட்டர்ஹெட் எடுத்து டைப் அடித்தார். வரும் திங்கட்கிழமை, வேறொரு லைனின் சூப்பர்வைசர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு தடவை படித்து மடித்துப் பையில் வைத்தேன்.

"அவரு எழுதிக் குடுத்ததுலயும் ஒரு காப்பி வேணும்."

"அத உடனே தர முடியாதும்மா. மேனேஜர் கிட்ட கேக்கணும்."

"கேளுங்க."

"அவர் மீட்டிங்ல இருக்கார். நேரம் ஆவும். உங்க பஸ் போயிடும்."

"போகட்டும் மேடம்" என்று சொல்லி, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.