அரை மீட்டர்

எங்கள் சர்வே ஆபீஸில் எனக்குப் பிடிக்காதவர் ஒருவர்தான். வெளிவேலைக் குழுக்கள் இரண்டில் ஒன்றின் தலைவர். நான் சேர்வதற்கு ஒன்பது வருடம் முன்பே வந்தவர். எங்கள் தீவில், ஜார்ஜ்டவுன் கடைவீட்டு மாடியில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, அதன் முன் என்னை உட்கார வைத்த நாளிலிருந்தே அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. வெயில் படாமல் சம்பளம் வாங்குகிறவள் என்று என் காதில் விழும்படியே சொல்வார். நானும் சும்மா இருந்ததில்லை. சேற்றுக் காலோடு என் அறைக்குள் வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு வருடம் வேலை குறைந்தது. இரண்டு வெளிக்குழுக்களில் ஒன்றைக் கலைக்கப் போவதாக முதலாளி சொன்னார். எது தண்டமாக நேரம் போக்குகிறதோ அது போகும். அந்த வாரம் அவருடைய குழு கடல் தாண்டி, பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை நிலத்தை அளந்து முடித்திருந்தது. அறுநூறு புள்ளிகளுக்கு மேல் என் கம்ப்யூட்டருக்கு வந்தன.

ஒரே இடத்தை இரண்டு முறை அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி இரண்டு புள்ளிகள் விழும். இரண்டையும் விட்டுவைத்தால் சம உயரக் கோடுகள் அந்த இடத்தில் கோணிக்கொள்ளும். அதனால் படம் போடுவதற்கு முன் வடிகட்ட வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ஒரே புள்ளி என்று நாம்தான் எண் கொடுக்க வேண்டும்; தனியாகச் சொல்லாவிட்டால் உயர வித்தியாசத்தை அது பார்க்காது. அந்தத் தூரத்துக்குள் வருகிறவற்றில் முதலில் பதிவானதைப் புரோகிராம் வைத்துக்கொள்ளும், பின்னால் வந்ததை அழிக்கும். வழக்கமாக நான் கொடுப்பது ஐந்து சென்டிமீட்டர்.

அன்று அரை மீட்டர் கொடுத்தேன். கை தவறி அல்ல. அவர் எத்தனை முறை ஒரே இடத்தில் சுற்றினார் என்று காட்ட வேண்டும், பட்டியல் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். நூற்று எழுபது புள்ளிகள் அழிந்தன. அழிந்தவற்றின் பட்டியலை அச்செடுத்து முதலாளி மேசையில் வைத்தேன். அவரை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தன் சாமான்களை எடுக்க வந்த அன்று அவர் நேரே என் அறைக்குள் வந்தார், சேற்றுச் சப்பாத்தோடு. சுவரில் பிறைப் படம் தொங்கியது. அதில் வேலிக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"லோங்காங் எங்க?" என்றார்.

வேலியோரம் ஓடும் கால்வாயைக் கேட்டார். அவருடைய ஃபீல்டு புக்கைத் திறந்து காட்டினார். பென்சிலில் கால்வாய் வரைந்திருந்தது, அகலம் நாற்பது சென்டிமீட்டர். ஒவ்வொரு இடத்திலும் இரு கரைக்கும் அடித்தரையின் இரு ஓரத்துக்குமாக நான்கு புள்ளிகள் எடுத்திருந்தார். நான்கும் என் அரை மீட்டருக்குள் அடங்கிவிட்டன. முதலில் எடுத்த கரை மட்டும் மிஞ்சியது. ஆள் இறங்கி நின்றால் இடுப்பளவு ஆழமுள்ள கால்வாயை நான் தூர்த்துவிட்டிருந்தேன், ஒரு கூடை மண் இல்லாமல்.

"எவ்ளோ போட்டே?"

பொய் வாய் வரை வந்தது. அரை மீட்டர் என்றேன்.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, என் மேசை விளிம்பில் ஐம்பது சென்டிமீட்டர் இழுத்து வைத்தார். பிறகு குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். வியர்வையும் வெற்றிலையும் நாறியது.

"உன் கணக்குக்கு இப்ப நீயும் நானும் ஒரே ஆளுதான்லா. யாரை அழிப்பே?"

நாடாவைச் சுருட்டாமலே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவருடைய மோட்டார் சைக்கிள் உடனே கிளம்பவில்லை, நாலு உதை கேட்டது.

புரோகிராமை மறுபடி ஓட்டினேன். ஐந்து சென்டிமீட்டர். இம்முறை உயரமும் ஒத்துப்போனால்தான் அழிக்கலாம் என்று வைத்தேன், கரையும் அதன் நேர்கீழே இருக்கும் அடியும் ஒன்றாகிவிடக் கூடாதே. பதினான்கு புள்ளிகள் மட்டும் அழிந்தன. மேசையிலேயே அவர் விட்டுப்போன ஃபீல்டு புக்கில் தேடினேன். பதினான்கும் கருவியை இடம் மாற்றி வைக்கும்போதெல்லாம், அது சரியாக நிற்கிறதா என்று பழைய புள்ளிகளையே திரும்ப அளந்து பார்த்தவை. வீண் சுற்றல் ஒன்றுகூட இல்லை. அந்த மனுஷனின் கவனத்தைத்தான் நான் குற்றப் பட்டியலாக்கிக் கொடுத்திருக்கிறேன். அப்போதும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

அவருக்குப் புரோகிராமின் விதி தெரியாது. எனக்குத் தெரியும். முதலில் வந்தது இருக்கும், பின்னால் வந்தது போகும். அந்த ஆபீஸுக்கு ஒன்பது வருடம் பிந்தி வந்தவள் நான்.

இரண்டு பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு முதலாளியின் கதவைத் தட்டினேன்.