சீனியின் செய்தி

சொர்ணத்தாய் அக்காவிடம் திட்டு வாங்காமல் எங்கள் லோக்கல் சேனலில் யாரும் வேலை பார்த்ததில்லை. கேமரா பிடித்த நான், செய்தி எழுதிய பூவனலிங்கம், முதலாளி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி, எல்லாரும் வாங்கியிருக்கிறோம். ஆனால் ஒருநாள் அவள் வரவில்லையென்றால் எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.

கோவில்பட்டியில் வீட்டுக்கு வீடு கேபிள் வந்திருந்த காலம் அது. அக்கா காலையில் நர்சரிப் பள்ளியில் டீச்சர், சாயங்காலம் எங்களுக்குச் செய்தி வாசிப்பாள். ஸ்டூடியோ என்று பேர்தான், ஒரு நீலத் திரையும் இரண்டு லைட்டும் போட்ட அறை அது. பக்கத்து லேத் பட்டறைக்காரரிடம் போய், "அண்ணாச்சி, பத்து நிமிசம் வாயை மூடுங்க" என்று மெஷினைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்து உட்காருவாள். கேசட்டில் பதிவாகி ஏழு மணிக்கு ஓடும். மார்க்கெட்டுக்குப் போனால் காய்கறிக்காரம்மா, "நேத்து ஏன்ட்டி முகம் வாடியிருந்தே?" என்று கேட்பார். அக்காவுக்கு அதில் ரொம்பப் பெருமை, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

பூவனலிங்கம் நல்ல பையன். கடலை மிட்டாய் வாங்கினால் எனக்குப் பாதி கொடுக்காமல் தின்ன மாட்டான். விபத்து என்று எழுத உட்கார்ந்தால் மட்டும் அவனைப் பேய் பிடித்துக்கொள்ளும். லாரி எமனாக வரும், விதி விளையாடும், ரத்தம் வெள்ளமாக ஓடும். அக்கா அந்த வரிகளைப் பேனாவால் அடித்துக்கொண்டே வருவாள்.

"ஏலே பூவு, இத அந்த வீட்டு ஆளு முன்னால உக்காந்து உன்னால வாசிக்க முடியுமா?"

"நான் எதுக்குக்கா அங்கன போயி வாசிக்கணும்?"

"நீ போவேண்டாம்லே. ஏழு மணிக்கு நான் அவிய வீட்டுக்குள்ள போறேன்லா!"

அன்று எட்டயபுரம் தாண்டி ஒரு விபத்து. தூத்துக்குடி போகிற ரோட்டோரமாக ஆடு பத்திக்கொண்டு போனவர் மேல் லாரி மோதி, அவர் இறந்துவிட்டார். பேர் சீனி, சின்ன வயது. நான் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். பூவனலிங்கம் எழுதியிருந்ததை அப்படியே இங்கே எழுத மாட்டேன், அக்கா என்னைச் சும்மா விட மாட்டாள். முதல் வரியில் ஆடுகள் எத்தனை, என்ன விலை என்று இருந்தது. சீனி மூன்றாவது வரியில்தான் வந்தார், அதுவும் துடிதுடித்துக்கொண்டு. அதற்குப் பின்னால் உடம்பைப் பற்றி ஒரு நீள வரி.

"துடிச்சத நீ பாத்தியாலே?" என்றாள் அக்கா.

"அப்படித்தான்க்கா எல்லாரும் எழுதுதாங்க."

அவள் பேனாவை எடுக்கும்போதே வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒருவர் ஓடி வந்தார். தங்கப்பாண்டி, சீனியின் மச்சினன், அவர் மனைவிக்கு அண்ணன். மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, எந் தங்கச்சி முத்துசெல்வி தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்ல இருக்கா. நெற மாசம். அவளுக்கு இன்னும் சொல்லல. அவ மாமியாரு, நர்சம்மா எல்லாரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு காலையில மெதுவாச் சொல்லலாம்னு இருக்கோம். ஏழு மணியானா அவ உங்க செய்திதான் பாப்பா. எங்க தெருவுக்கு மட்டும் வயரை அறுத்து விட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

அண்ணாச்சிக்கு மனசு இளகிவிட்டது. லைன்மேனைக் கூப்பிடு என்றார். அக்காதான் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வயரை அறுத்தா அடுத்த தெருக்காரி பாத்துட்டு ஓடி வந்து, 'ஐயையோ முத்துசெல்வி'ன்னு கட்டிப் பிடிச்சு அழுவா. அப்ப என்ன செய்வீங்க?"

தங்கப்பாண்டி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரைச் சொல்லாமப் போடுவோம்க்கா" என்றான் பூவனலிங்கம்.

"எட்டயபுரம் பக்கம், ஆடு, லாரி. இது போதாதா அவளுக்கு? ஊரை மட்டும் சொன்னா, அந்தப் பக்கம் ஆள் இருக்க எல்லா வீடும் பதறிப்போயிரும். இன்னைக்கு இந்தச் செய்தி கிடையாது."

"ஊரே நம்மளக் கேக்குமேம்மா" என்றார் அண்ணாச்சி. "சேனல் தூங்குதான்னு பேசுவானுவ."

"பேசட்டும் அண்ணாச்சி. நாளைக்குப் போட்டா ஊசிப் போயிருமா? இன்னைக்கு இதை வாசிக்கணும்னா நீங்களே பவுடர் போட்டு உக்காருங்க!"

அண்ணாச்சி தன் மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். அன்றைக்கு ரேஷன் கடை நேரமும் தண்ணீர் வரும் நேரமும் வாசித்து முடித்துவிட்டோம்.

மறுநாள் மதியம் தங்கப்பாண்டி வந்தார். சொல்லிவிட்டோம், பக்கத்தில் எல்லாரும் இருந்தோம், தாங்கிக்கொண்டாள் என்றார். அப்புறந்தான் அக்கா பேனாவைத் திறந்தாள். நான் எடுத்த படத்தில் ஒன்றுமே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். வெயிலில் நின்று எடுத்தவன் நான், எனக்குக் கோபம் வந்தது. "அவர் நல்லா இருந்தப்ப எடுத்த போட்டோ ஒண்ணு வாங்கிட்டு வாலே" என்று என்னையே விரட்டினாள். கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்று கிடைத்தது.

எழுதியதைத் தங்கப்பாண்டிக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினாள்.

"எட்டயபுரம் அருகே நேற்று நடந்த சாலை விபத்தில் திரு. சீனி காலமானார். அவர் ஆடு வளர்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தவர். சாலையோரமாக ஆடுகளுடன் சென்றுகொண்டிருந்தபோது லாரி மோதியது. விபத்து குறித்து போலீசார் விசாரிக்கின்றனர். அவரை இழந்த குடும்பத்தாரின் துயரத்தில் நாமும் பங்குகொள்கிறோம். ஆட்டு மந்தைகள் செல்லும் இடங்களில் வண்டிகளை மெதுவாக ஓட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்."

"டிரைவர் குடிச்சிருந்தான்னு ஊர்ல பேசுதாங்க, அதப் போடலியே?" என்றார் தங்கப்பாண்டி.

"பேசுதாங்க, ஆனா யாரு பாத்தா? போலீஸு சொல்லட்டும் அண்ணாச்சி, நானே வாசிக்கேன். உங்களுக்கு வேற எதுவும் மாத்தணுமா?"

"மச்சான் பாட்டுப் படிப்பாரு. ஆடு மேய்க்கையில பாடிக்கிட்டே போவாரு. அதச் சேக்கலாமா?"

அக்கா சேர்த்தாள். நல்ல குரல் வளம் உள்ளவர் என்று ஒரு வரி. விபத்துச் செய்தியில் போய்ப் பாட்டா என்று பூவனலிங்கம் என் காதைக் கடித்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

ஆடிக் காற்று வீச ஆரம்பித்த சமயம், முத்துசெல்வி எங்கள் ஆபீசுக்கு வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. அந்தச் செய்தியைக் கேசட்டில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். அவள் அன்றைக்கு அதைப் பார்க்கவில்லையாம், வீட்டில் பார்க்க விடவில்லையாம்.

அக்கா அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் வீடியோ டெக்கில் போட்டேன். முத்துசெல்வி முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பாட்டு வரி வந்தபோது தேம்பிவிட்டாள். முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடுங்கண்ணே" என்றாள். போட்டேன். இந்தத் தடவை குழந்தையின் முகத்தை டிவி பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா கேசட்டு, பாத்துப் பாத்து அழுவதுக்கா?" என்று அக்கா அதட்டினாள். பாசம் வந்தால் அவளுக்கு அதட்டல்தான் வரும்.

"எனக்கில்லக்கா. இவ பெரியவளாயி, எங்கய்யா எப்படிச் செத்தாவன்னு கேப்பாள்லா. எனக்குச் சொல்ல வாய் வராது. நீங்க சொல்லட்டும்."

அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பூவனலிங்கம் புதுக் கேசட்டைப் பிரித்தான்.