தலைவரின் இரண்டாவது ஓட்டு

அப்பா தம் பேக்கரியை எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதியாக உயில் எழுதி வைத்தார். அந்தப் பாதியின் லட்சணத்தைக் கேளுங்கள். மாவையும் அடுப்பையும் ஆட்களையும் கட்டி மேய்ப்பது நான். கோட்டு மாட்டிக்கொண்டு போய்ப் பட்டாளத்து ஆர்டரைப் பேசி முடிப்பது அவன். முடிவெல்லாம் அவனுடையது, மறுநாள் என் காதில் விழும்.

யுத்தம் வந்து ஆர்டர் பெருகியதும், கம்பெனியாகப் பதிவு செய்யலாம் என்றான். எனக்கும் சம்மதம்தான். கூட்டு வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் கடன்காரர்கள் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுவரை கை வைப்பார்கள். லிமிடெட் கம்பெனியானால் போட்ட பங்கோடு போய்விடும். பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு பேரே போதும். பேக்கரியை இருவரும் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது, விலைக்குப் பதிலாக ஆளுக்குப் பாதிப் பங்கு வாங்கிக்கொள்வது, இருவருமே டைரக்டர்கள் என்று ஏற்பாடு.

வக்கீல் ஆபீசில் சாட்சிகூடத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பாதிக்குப் பாதி, பாப்பா. கையெழுத்தப் போடு, நேரமாகுது" என்றான் அண்ணன். நாற்பது வயதிலும் நான் பாப்பா.

நான் கம்பெனி விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அதற்கே அவனுக்கு எரிச்சல்.

"ஓட்டு சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டுன்னு போட்டிருக்கே. தலைவர் யாரு?"

"நான்தான். அது சும்மா ஒரு ஷரத்து."

"சட்டப் புத்தகத்துல இருக்கிற மாதிரி விதிங்கம்மா. எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தான்" என்றார் வக்கீல்.

எல்லாக் கம்பெனியிலும் இரண்டே பேரா இருக்கிறார்கள்? இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவனுக்கு இரண்டு ஓட்டு என்றால் மற்றவள் எதற்கு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஷரத்தை அடித்தால்தான் கையெழுத்து என்றேன்.

"உங்க அண்ணிய வச்சு ரெண்டாவது கையெழுத்த வாங்கிக்கிறேன், போ."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "கம்பெனி பதிவாயிடும் சார். ஆனா பேக்கரியில பாதி அம்மாவோடது. அவங்க எழுதிக் குடுக்காம அது கம்பெனிக்கு வராது. உங்க கையில பெயர்ப்பலகைதான் இருக்கும்."

மூன்று வாரம் அண்ணன் என்னோடு பேசவில்லை. நாளைக்கு எத்தனை ரொட்டி என்பதைக்கூட அண்ணி வழியாகச் சொல்லி அனுப்பினான். பெரிய மனுஷன் செய்கிற காரியமா இது! கடைசியில் ஷரத்து மாறியது. யாருக்கும் கூடுதல் ஓட்டு இல்லை, சமமாக வந்தால் தீர்மானம் தோற்றது என்று எழுதினார்கள். அதன் பிறகே போட்டேன் கையெழுத்து.

பதிவுச் சான்று வந்ததும் சாப்பாட்டு மேஜையிலேயே முதல் டைரக்டர் கூட்டம் நடந்தது. கடை வியாபாரத்தை நிறுத்திவிட்டு எல்லா மாவையும் பட்டாளத்து ரொட்டிக்கே திருப்ப வேண்டும் என்று அண்ணன் தீர்மானம் கொண்டுவந்தான். யுத்தம் முடிந்து பட்டாளம் போய்விட்டால் யாருக்கு விற்பதாம்? எதிர்த்து ஓட்டுப் போட்டேன். ஒன்றுக்கு ஒன்று. தீர்மானம் தோற்றது என்று கூட்டக் குறிப்பில் அவனே எழுத வேண்டியிருந்தது.

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"இப்ப நான் என்ன பண்றது?"

"இத்தனை வருஷமா நான் பண்ணதத்தான். பேசாம போய் வேலையப் பாரு."