மகன் மாட்டும் கேபிள்

துக்க வருஷம் என்பதால் வீட்டில் ஆயுத பூஜை இல்லை. ஆனாலும் மகனின் கம்ப்யூட்டரை மட்டும் கழற்றித் துடைத்துச் சந்தனம் வைத்தேன். திரும்ப மாட்டியபோது மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வந்தது. முதல் திவசத்துக்கு வைக்க வேண்டிய அவன் படம் அதற்குள்தான் இருந்தது.

புதுப்பட்டினத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, கேபிளை இரண்டு முனையிலும் இறுக்கினார். மானிட்டர் பொத்தானை அழுத்தி இன்புட்டைச் சரிபார்த்தார். கடைசியில் பெட்டியின் பின்பக்கம் குனிந்தார்.

“இன்னா சார், கிராபிக்ஸ் கார்டு கீழ கீது. நீங்க மேல மதர்போர்டுல சொருகிக்கீறீங்க. கார்டு போட்டா இதுல படம் வராது.”

மாற்றிச் சொருகினார். திரையில், சதுரங்கப்பட்டினக் கடற்கரையில் மகன் சிரித்தான்.

“பையனா சார்? அவராண்ட சொல்லியிருந்தா மாட்டிக் குடுத்திருப்பாரே?”

வருஷா வருஷம் பூஜைக்கு அவன்தான் மாட்டுவான். “ஆமாம்பா” என்றேன். பூஜை அறையில் என் மனைவி “முருகா” என்று அழுதாள்.